தளை தட்டாத வெண்பாவும் கவிதையும்: இயந்திரம் எழுதும் பாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறு குழுவாக உட்கார்ந்து யாப்பு பழகுகிறோம். இரண்டு வருடமாக அங்கே பாதி நேரம் ஒரே சந்தேகத்தில்தான் போகிறது. யாராவது ஒருவர் போனில் செயற்கை நுண்ணறிவு எழுதிய வெண்பா ஒன்றைக் காட்டுவார், விவாதம் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போனதால் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை மாற்றவில்லை.

"எனக்கு இலக்கணமே தெரியாது. வெண்பான்னா என்ன, சுருக்கமா சொல்லுங்க?"

குறளிலிருந்தே தொடங்கலாம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக." முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. சீர் என்பது அசைகளால் ஆனது. ஓர் எழுத்து தனியாகவோ மெய்யோடு சேர்ந்தோ ஒலித்தால் நேரசை: 'கற்', 'க'. ஒரு குறிலைத் தொடர்ந்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்து இணைந்து ஒலித்தால் நிரையசை: 'கச', 'டறக்'. ஆக, 'கற்க' என்பது நேர் நேர். அதன் வாய்பாடு தேமா. 'கசடறக்' நிரை நிரை, கருவிளம்.

ஒரு சீர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒட்டுக்குத்தான் தளை என்று பெயர். வெண்பாவில், நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். நிரையில் முடியும் ஈரசைச் சீரான விளச்சீருக்கும், நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். மேலே உள்ள குறளில் 'கற்க' மா, அடுத்து 'கச' நிரை. 'கசடறக்' விளம், அடுத்து 'கற்' நேர். கடைசிவரை இப்படியே போகும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். 'தக' மலர். இதோடு எதுகையும் மோனையும் சேரும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை (கற்க, நிற்க). முதல் எழுத்து ஒத்தால் மோனை. எதுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு, பலர் விட்டுவிடுவது அதைத்தான்: முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். கற்கவுக்கு நிற்க எதுகை, காற்று எதுகையாகாது.

"எல்லாமே கணக்குதானே? அப்போ கம்ப்யூட்டர் இதுல தப்பே பண்ணக் கூடாதே?"

கணக்கு போடும் நிரல் தப்பு செய்யாது. ஆனால் இப்போது எல்லாரும் போனில் வைத்திருக்கும் மொழி மாதிரிகள் கணக்கு போட்டு எழுதுவதில்லை. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எது வரக்கூடும் என்று ஊகித்துக்கொண்டே போகின்றன. அந்த ஊகத்தில் அசை என்ற அலகே கிடையாது.

எழுத்தே அதற்கு நாம் பார்ப்பதுபோல் தெரிவதில்லை. கணினி தமிழை எப்படி வைத்திருக்கிறது என்று பைத்தானில் இரண்டு வரியில் பார்க்கலாம்:

```
>>> len("வானம்")
5
>>> "வானம்"[1]
'ா'
```

நமக்கு 'வானம்' மூன்றெழுத்து, எதுகைக்குரிய எழுத்து 'ன'. கணினிக்கு ஐந்து குறியீடு, இரண்டாவது வெறும் கால். மொழி மாதிரி இந்தக் குறியீடுகளை ஒன்றொன்றாகக்கூடப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகச் சேர்த்து விழுங்குகிறது. ஒரு துண்டு அசையின் நடுவிலேயே முடிந்துவிடலாம். குறிலா நெடிலா, ஒற்று இருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் துண்டுக்குள் புதைந்துபோகும்.

"ஆனா எதுகை மட்டும் பிரமாதமா வருதே, அது எப்படி?"

அது நினைவிலிருந்து வருவது. வானம், கானம், தானம், மானம் என்ற கூட்டத்தைப் பாடல்களில் ஆயிரம் தடவை பார்த்திருக்கும். எண்ணாமலேயே ஜோடி சேர்த்துவிடும். தளை அப்படி இல்லை. ஒவ்வொரு சீரின் முடிவிலும் நின்று அடுத்ததன் தொடக்கத்தைக் கேட்க வேண்டும்.

மழையைப் பற்றிக் குறள் வெண்பா கேட்டு நண்பர் ஒருவர் வாங்கி வந்தது இது:

*வானம் பொழியும் மழைத்துளி மண்ணில்*
*தானம் தரும் உயிருக்கு நீர்*

காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. வானம், தானம் நல்ல எதுகை. முதல் அடியில் வகரத்துக்கு மகரம் இன மோனை. ஆனால் இரண்டு இடத்தில் உடைகிறது. 'மண்ணில்' தேமா, அதன்பின் 'தா' என்று நேர் வருகிறது, தளை தட்டிவிட்டது. அடுத்து 'தரும்'. அது ஒரே நிரையசை, ஓரசைச் சீர். வெண்பாவில் ஈற்றைத் தவிர வேறெங்கும் அதற்கு இடமில்லை.

இரண்டாவது பிழைதான் எனக்குச் சுவாரசியம். இடைவெளி விட்டு எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு சீர் என்று இயந்திரம் நினைத்துக்கொள்கிறது. உரைநடையிலேயே வளர்ந்த பிள்ளை. யாப்பு பழகியவர் 'தருமுயிர்க்கு' என்று புணர்த்திவிடுவார். நிரை நிரை நேர், கருவிளங்காய். காய்க்குப் பின் 'நீர்' என்ற நேர் சரியாக உட்காரும். மேலே 'மண்ணில்' என்பதை 'மண்ணிலே' ஆக்கினால் கூவிளம், அதன்பின் 'தா' வரலாம். வேலை முடிந்தது:

*வானம் பொழியும் மழைத்துளி மண்ணிலே*
*தானம் தருமுயிர்க்கு நீர்*

"சரிபார்க்கிற நிரலோட சேர்த்துக் கட்டிவிட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?"

யாப்புப் பிழை தீரும். அவலோகிதம் போன்ற நிரல்கள் பல வருடமாக இணையத்தில் இருக்கின்றன. பாட்டை இட்டால் அசை பிரித்து, சீர், தளை, எதுகை மோனை போன்ற தொடை எல்லாம் காட்டி, இன்ன பா என்று சொல்லிவிடும். மொழி மாதிரி எழுதட்டும், இது சோதிக்கட்டும், தவறினால் திருப்பி அனுப்பட்டும் என்று ஒரு வளையம் போட்டால் சுத்தமான வெண்பா வந்துவிடும். ஐம்பது தடவை திருப்பி அனுப்பினாலும் அதற்கு அலுப்பு கிடையாது.

சில நெளிவுகள் உண்டு. 'அன்னையவள்' என்ற சீரில் ஐகாரத்தை நெடிலாக எண்ணினால் அன்/னை/யவள், நேர் நேர் நிரை. கனிச்சீர், வெண்பாவில் வராது. சொல்லின் நடுவே ஐகாரம் குறுகும் என்று தெரிந்தால் அன்/னைய/வள், கூவிளங்காய், தாராளமாக வரலாம். இதையெல்லாம் விதியாக எழுதிக் கொடுத்துவிடலாம்தான். விதியாக எழுத முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. கீழே உள்ளதைப் பாருங்கள்:

*யானை குளித்த கதவிடம் பாயசம்*
*பூனை விதைத்த கடல்*

நான் விளையாட்டாகக் கட்டியது. தளை, எதுகை, ஈற்றுச்சீர் எல்லாம் பிசகில்லை. அலகிட்டுப் பார்த்தால் இதுவும் குறள் வெண்பாதான்.

"இலக்கணம் சரியா இருந்தா அது கவிதைதானே? மரபுக்கவிஞர்களே அப்படித்தானே சொல்றாங்க?"

சில மரபுக்கவிஞர்கள் சொல்வார்கள். மரபு அப்படிச் சொன்னதில்லை. தமிழில் செய்யுள் என்பது கவிதைக்கு மட்டுமான பாத்திரமாக இருந்ததே இல்லை. மருத்துவம், சோதிடம், அகராதி எல்லாமே செய்யுளில் இருக்கின்றன. நிகண்டுகள் செய்யுள்தான். கணக்கதிகாரம் கணக்கைப் பாட்டாகவே சொல்லும். யாப்பு கற்றுத்தரும் யாப்பருங்கலக் காரிகையை அமிதசாகரர் கட்டளைக் கலித்துறையில் எழுதினார். ஒற்று நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்து, நிரையில் தொடங்கினால் பதினேழு என்று கறாரான கணக்குள்ள பா அது. மனப்பாடம் செய்ய வசதி என்பதற்காக அப்படி எழுதினார்கள். அவற்றை யாரும் கவிதை என்று கொண்டாடவில்லை, குறைவாகவும் நினைக்கவில்லை.

எனவே, மேலே திருத்திய மழைக் குறளை நான் செய்யுள் என்று தயங்காமல் ஒப்புக்கொள்வேன். இயந்திரம் செய்யுள் எழுதும். கவிதையா என்ற கேள்விக்கு அலகிடுவது உதவாது.

"மனுஷனும் அதே விதிக்குள்ளதானே எழுதறான். அவனுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அதே மழைத் தலைப்புக்கு ஒரு மாணவி எழுதி வந்த குறள்:

*ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்தாள்*
*மழைநீரைப் பிடிக்கும் மகள்*

இரண்டாம் அடியில் 'மழைநீரைப்' காய்ச்சீர். காய்க்குப் பின் நேர் வர வேண்டும். 'பிடிக்' என்று நிரை வந்துவிட்டது. தளை தட்டுகிறது என்றேன். அவர் நீரை எடுத்துவிட்டு 'மழையைப் பிடிக்கும்' என்றார். இலக்கணப்படி அதோடு முடிந்தது. ஆனால் அவர் தாளைக் கொடுக்கவில்லை. "நீரைப் பிடிக்கலாம் சார், மழையைப் பிடிக்க முடியுமா?" என்று தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்து வந்தது இது:

*ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்தாள்*
*மழையை அளக்கும் மகள்*

வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்ற செய்தி, ஒரு சிறுமி மழையை அளக்கிறாள் என்ற காட்சியாக மாறிவிட்டது. முதல் அடியில் மோனை இல்லை, எதுகையும் ழு, ழை என்ற வருக்க எதுகைதான். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இதில் விதி செய்த வேலையைக் கவனியுங்கள். அவர் சொல்ல வந்ததை விதி மறுத்தது. மறுத்த இடத்தில் அவர், தான் சொல்ல வந்தது சரியா என்றே மறுபடி பார்த்தார். 'அளக்கும்' என்ற சொல் அவர் உட்கார்ந்தபோது மனத்தில் இருந்ததல்ல.

இயந்திர வளையத்திலும் விதி மறுக்கிறது. ஆனால் அங்கே மறுப்பு வந்ததும் இன்னொரு வரி வருகிறது, அவ்வளவுதான். 'மழையைப் பிடிக்கும்' சோதனையில் தேறியிருக்கும். வளையம் அங்கேயே நின்றிருக்கும். தேறிய பிறகும் திருப்தியில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு, எதையோ சொல்ல வேண்டும் என்ற தேவை முன்கூட்டியே இருக்க வேண்டும். நான் படைப்பு என்று சொல்வது அந்தப் பத்து நிமிடத்தை.

"காளமேகம் நின்ன இடத்துல பாடினாரே. மெஷினும் நொடியில தருது. ரெண்டும் ஆசுகவிதானே?"

நல்ல கேள்வி. நம் மரபு கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காகப் பிரித்தது. கொடுத்த பொருளில் உடனே பாடுபவர் ஆசுகவி. வேகத்தை மட்டும் பார்த்தால் இயந்திரத்துக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடலாம்.

ஆனால் காளமேகத்தின் பாட்டு இத்தனை நூற்றாண்டு நின்றது வேகத்தால் மட்டுமல்ல. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடையாகப் பாடிய வெண்பா "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்று தொடங்கும். பாம்பிடம் நஞ்சு இருக்கும், சட்டை உரிக்கும், சிவன் தலைமேல் இருக்கும். பழம் நைந்திருக்கும், தோல் உரிப்பார்கள், அபிடேகத்தில் சிவன் முடிமேல் ஏறும். நைந்து என்பதைப் பேச்சில் 'நஞ்சு' என்கிறோம் அல்லவா, அந்தத் தெருப்பேச்சை எடுத்து விஷத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். ஒரே ஒலிக்குள் இரண்டு வாக்கியமும் கடைசிவரை பிழைத்திருக்க வேண்டும், தளையும் தட்டக் கூடாது. இயந்திரத்திடம் இரண்டு பொருள் கொடுத்துச் சிலேடை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோதெல்லாம் இரண்டுக்கும் பொதுவான குணங்களைப் பட்டியல் போட்டுத் தந்தது. ஒப்புமைக்கும் சிலேடைக்கும் உள்ள தூரத்தை அது தாண்டவில்லை. நாளைக்குத் தாண்டலாம்.

"அப்போ சித்திரகவி? மாலைமாற்று, சக்கரபந்தம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு லட்டு மாதிரி இருக்குமே?"

ஆமாம், அங்கே நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்று அடிப்படையில் தேடல்தான். பொருந்தும் சொற்களைக் கோடிக்கணக்கில் அடுக்கிப் பார்க்க நிரலுக்கு முடியும், நமக்கு ஆயுள் போதாது. மொழி மாதிரிகூட வேண்டாம், சொற்பட்டியலும் சாதாரண நிரலும் போதும். 1845இல் லண்டனில் ஜான் கிளார்க் என்பவர் மரச்சட்டத்துக்குள் உருளைகள் சுழலும் ஒரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். அது லத்தீன் அறுசீர் அடிகளை ஒவ்வொன்றாகத் தரும். ஒவ்வோர் இடத்துக்கும் பொருந்தும் அளவில் சொற்களை முன்பே தேர்ந்து வைத்திருந்ததால் இலக்கணம் தவற வழியே இல்லை. வாய்பாட்டை வைத்துச் சொல் நிரப்புகிற வெண்பா நிரல்கள் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்.

சம்பந்தர் சீகாழிக்குப் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை இதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மனத்தடை பக்தியால் வருகிறதா, கவிதையால் வருகிறதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பழைய பாட்டைக் கலந்து தர்றதுதானே மெஷின் வேலை? நம்ம புலவர்களும் மதிமுகம், மலர்விழின்னு அதையேதான் எழுதினாங்க?"

எழுதினார்கள். அடி நிரப்ப 'அரோ', 'மாதோ' என்று அசைச்சொல் போட்டவர்களும் உண்டு. யானைப் பூனைக் குறளுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லாத மனித வெண்பாக்கள் ஏராளம். மனிதர் எழுதினார் என்பதாலேயே எதையும் படைப்பு என்று சொல்ல நான் தயாராக இல்லை. மாணவியின் பத்து நிமிடம் எந்தப் பாட்டில் இல்லையோ, அதை யார் எழுதினாலும் செய்யுள் என்றே சொல்வேன்.

"போட்டிக்கு வர்ற வெண்பா மெஷின் எழுதினதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

உறுதியாகச் சொல்ல வழியில்லை. சந்தேகம் வரும் இடங்கள் உண்டு. புணர்ச்சியே இல்லாமல் சொல்லுக்கொரு சீராக நடப்பது ஒன்று. நேரிசை வெண்பாவாக இருந்தால் இரண்டாம் அடியின் கடைசியில் தனித்து நிற்கும் தனிச்சொல்லைப் பாருங்கள். எதுகைக்காக வந்து நிற்கும், அதை நீக்கினாலும் பொருள் மாறாது. மழை என்றால் வானம், மண், உயிர் என்று பொதுச்சொற்களாகவே வரும். ஒழுகும் கூரையும் பாத்திரமும் வராது. ஆனால் இந்த மூன்றும் புதிதாகப் பழகும் மாணவருக்கும் உண்டு. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். நான் செய்வது வேறு: எழுதியவரை அழைத்து, எந்தச் சீரை மாற்றினீர்கள், முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்பேன். உண்மையில் எழுதியவர் அரை மணி நேரம் பேசுவார். நிறுத்துவதுதான் கஷ்டம்.

"உங்களையே ஏமாத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

ஏமாந்திருக்கிறேன். பெயரில்லாமல் வந்த ஆறு குறள்களில் இதற்குத்தான் முதல் மதிப்பெண் போட்டேன்:

*குடையை மறந்தநாள் கூடவே வந்து*
*நடையைக் கெடுத்த மழை*

படித்ததும் சிரித்துவிட்டேன். கூடவே வந்து நடையைக் கெடுப்பது வேண்டாத சிநேகிதன் செய்கிற வேலை. பிறகு அதைக் கொண்டுவந்தவர் உண்மையைச் சொன்னார். ஒரு வியாழக்கிழமை குடையை மறந்து நனைந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தக் கோபத்தில் "குடை மறந்த நாள்" என்று தொடங்கும்படி இயந்திரத்திடம் கேட்டு, நாற்பது குறள் வாங்கி, முப்பத்தொன்பதைத் தள்ளியிருக்கிறார். எடுத்ததிலும் 'நடையை நனைத்த மழை' என்றுதான் இருந்ததாம். நனைத்த, கெடுத்த இரண்டும் புளிமா; தளைக்கு எது வந்தாலும் ஒன்றுதான். 'நனைத்த' சப்பென்று இருக்கிறது என்று அவர்தான் மாற்றினார்.

முன்பு என்ன இருந்தது என்ற என் சோதனையில் அவர் நன்றாகவே தேறிவிட்டார். மதிப்பெண்ணைத் திரும்பப் பெறவில்லை. வகுப்பில் மற்ற ஐந்து பேரும் சண்டைக்கு வந்தார்கள், அது இன்னும் ஓயவில்லை. இப்போதெல்லாம் தாளின் கீழே தள்ளிய வரிகளையும் எழுதித் தரச் சொல்கிறேன்.